சமூகப் பணியில் பட்டமும் அனுபவமும்: பெரம்பலூர், அரியலூர் களத்திலிருந்து

இந்தியாவில் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருக்கிறது, செவிலியருக்குச் செவிலியர் மன்றம் இருக்கிறது. சமூகப் பணிக்கென்று தனிச் சட்டமோ நாடு தழுவிய பதிவேடோ கிடையாது. வேண்டும் என்று கேட்டுத் தொழில்முறைச் சங்கங்கள் பல ஆண்டுகளாக வரைவு மசோதா எழுதிக்கொண்டே இருக்கின்றன. வரைவு இன்னும் சட்டமாகவில்லை. இங்கிலாந்தில் 2005 முதல் பதிவில்லாதவர் தன்னைச் சமூகப் பணியாளர் என்று சொல்லி ஏமாற்றினால் வழக்கு வரும். பெரம்பலூரில் கல்யாண பேனரிலேயே பெயருக்குக் கீழே ‘சமூக சேவகர்’ என்று போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் ‘பதிவு பெற்ற சமூகப் பணியாளர்’ என்ற விசிட்டிங் கார்டுகள் உலவுகின்றன. விசாரித்தால், பதிவாகியிருப்பது அவர் வேலை பார்க்கும் அமைப்பாக இருக்கும்: 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கம், அல்லது பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுதிய ஒரு டிரஸ்ட். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி, தர்ப்பண் எண், சிமென்ட் ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்-1 எண் எல்லாமே அமைப்புக்கு உரியவை. அமைப்பிலிருந்து ஆள் வெளியேறினால் இவற்றில் ஒன்றும் அவரோடு வராது. போதாக்குறைக்கு, காசு வாங்கிக்கொண்டு அசோகச் சின்னம் போட்ட ‘மனித உரிமை’ அடையாள அட்டை கொடுக்கும் கூட்டமும் இருக்கிறது. அந்த அட்டையைக் காவல் நிலையத்தில் நீட்டினால் வம்புதான் வரும்.

பொதுப் பதிவு இல்லையென்றால் தகுதியே கேட்கப்படுவதில்லை என்று பொருளில்லை. ஒவ்வொரு சட்டமும் தன் வேலைக்குத் தேவையான ஆளைத் தானே வரையறுத்து வைத்திருக்கிறது. ஊரில் கதவைத் தட்டுகிறவரிடம் எவரும் பட்டம் கேட்பதில்லை. அவர் எழுதியதை ஒரு குழுவோ நீதிமன்றமோ மருத்துவமனையோ அவருடைய கருத்தாக எடுத்துக்கொண்டு முடிவு செய்யும் இடத்தில்தான் பட்டம் கேட்கப்படுகிறது. இந்த எல்லை எங்கே போகிறது என்பதைப் பல களப்பணியாளர்கள் அதன் மேல் மோதிய பிறகே தெரிந்துகொண்டார்கள்.

தொண்ணூறுகளில் இந்த எல்லை இங்கே கண்ணில் படவே இல்லை. பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து மாவட்டமானது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007இல் மீண்டும் பிரிந்தது. அந்நாளில் வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த உள்ளூர்ப் பெண்களும் இளைஞர்களும். இரவுப் பள்ளி, பால்வாடி, பிறகு மகளிர் சுயஉதவிக் குழு என்று வேலை வளர்ந்தது. மதிப்பூதியம் கையில் ரொக்கமாக வரும்; ஒரு வவுச்சரில் கையெழுத்து. முந்திரி வெட்டு நாளில் எந்தத் தெருவில் எந்த வீடு பூட்டியிருக்கும், எந்தப் பெண் பருத்தி எடுக்கப் போய்ப் பள்ளியை விட்டாள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் ஒருவர் இருந்தால் அவர் திட்ட ஒருங்கிணைப்பாளராக, அறிக்கையும் நிதி விண்ணப்பமும் எழுதுகிறவராக, திருச்சியிலிருந்து வந்து போவார்.

அக்காலத்திலேயே படிப்பைச் சட்டம் கேட்ட ஓர் இடம் இந்தப் பகுதியில் இருந்தது. அது கிராமத்தில் இல்லை, ஆலைக்குள் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவுப்படி 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டியிருந்தது. அவருடைய கல்வித் தகுதியை மாநில விதி சொன்னது. சமூகப் பணிப் பட்டதாரிகளில் ஒரு பெரும் பங்கு மனிதவளப் பிரிவைத் தேர்ந்தெடுத்து ஆலைப் பக்கம் போனதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். கிராமத்து வேலைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால், படித்தவர்கள் அங்கே வராததும் இயல்பாகவே நடந்தது.

நிலைமை மாறியது 2009-10இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் வந்தபோது. மாவட்டந்தோறும் ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அதில் பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் என்று பணியிடங்கள். ஒவ்வொன்றுக்கும் தகுதி எழுதி வைக்கப்பட்டது. இத்திட்டம் இப்போது மிஷன் வாத்சல்யா என்ற பெயரில் நடக்கிறது. அதன் வழிகாட்டுதலில் புறத்தொடர்புப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும், தொகுப்பூதியம் 10,592 ரூபாய். சமூகப் பணியாளருக்குப் பட்டப்படிப்பு, சமூகப் பணியோ சமூகவியலோ படித்திருந்தால் முன்னுரிமை; ஊதியம் 18,536. பாதுகாப்பு அலுவலருக்கு முதுகலை, இல்லையென்றால் பட்டத்தோடு இரண்டாண்டு துறை அனுபவம், 27,804. ஊரில் அதிகம் அலைகிறவருக்குக் குறைந்த சம்பளம் என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடும். அது நியாயமா என்பது வேறு பேச்சு. புறத்தொடர்பு நிலையில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அனுபவம் மட்டும் ஒருவரை அடுத்த படிக்கு ஏற்றாது என்பதே களத்தில் உறைத்த செய்தி.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒரு வரையறையில் வந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் வந்தது. அதன் மாதிரி விதிகள் 2016இல் வந்தன. அந்த விதிகள் ‘சமூகப் பணியாளர்’ யார் என்று சொல்லிவிட்டன: சமூகப் பணி, சமூகவியல், குழந்தை வளர்ச்சி, உளவியல் போன்ற சமூக அறிவியல் துறைகளில் முதுகலை, அல்லது ஏதேனும் ஒரு பட்டமும், குழந்தைக் கல்வி, வளர்ச்சி, பாதுகாப்பு சார்ந்து ஏழாண்டு அனுபவமும். அதோடு, ஒரு குழந்தைகள் இல்லமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ தத்தெடுப்பு முகமையோ அவரை அந்த வேலைக்கு அமர்த்தியிருக்க வேண்டும். சமூக விசாரணை அறிக்கை, குழந்தைக்கான தனிநபர் பராமரிப்புத் திட்டம், தத்தெடுக்க விரும்பும் பெற்றோரைப் பற்றிய இல்ல ஆய்வு அறிக்கை ஆகியவற்றைத் தயாரிக்கும் ‘சமூகப் பணியாளர்’ இந்த வரையறைக்குள் அடங்குகிறவர். பன்னிரண்டாவது முடித்து இருபதாண்டு வேலை செய்தவர் இதற்குள் வரமாட்டார். பி.ஏ. தமிழ் படித்து ஏழாண்டு குழந்தைகளோடு வேலை செய்தவர் வருவார். எந்தப் பட்டம் என்று இரண்டாம் வழியில் கேட்கப்படவில்லை என்பதைக் கவனிக்காமல், எம்.எஸ்.டபிள்யூ. இல்லையே என்று ஒதுங்கி நின்றவர்கள் நிறைய.

குழுக்களில் உட்காரும் இடங்களின் கதை இன்னும் விசித்திரமானது. ஒரே சட்டத்தில் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. சட்டத்துடன் முரண்பட்ட சிறார்களை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். அதில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர் உறுப்பினர்கள், அவர்களில் ஒருவராவது பெண். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்குக் குழந்தை நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், முதல் வகுப்பு நடுவருக்குரிய அதிகாரம். தொடக்கத்தில் இரண்டுக்கும் தகுதி ஏறக்குறைய ஒன்றுதான்: குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலவாழ்வு சார்ந்து ஏழாண்டு வேலை, அல்லது குறிப்பிட்ட துறையில் பட்டம் பெற்றுத் தொழில் செய்கிறவர். ‘அல்லது’ என்ற அந்தச் சொல்லின் மேல்தான் பல மூத்த களப்பணியாளர்கள் நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

2021இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குழந்தை நலக் குழுவுக்கு இப்போது பட்டமும் வேண்டும், ஏழாண்டும் வேண்டும். பட்டம் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சட்டம், சமூகப் பணி, சமூகவியல், மனித உடல்நலம், கல்வி, மனித மேம்பாடு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி என்ற பட்டியலுக்குள் இருக்க வேண்டும். அனுபவம் இல்லாத வழி ஒன்று மிச்சம் இருக்கிறது: இதே பட்டங்களில் ஒன்றோடு அத்துறையில் தொழில் செய்துகொண்டிருப்பவர். பட்டம் இல்லாத வழி அடைபட்டுவிட்டது. இளைஞர் நீதிக் குழுமத்தின் பிரிவை மட்டும் திருத்தம் தொடவில்லை. அங்கே இன்றும் ஏழாண்டு வேலை மட்டுமே போதும். ஆகவே ஒரே மாவட்டத்தில், இருபதாண்டு இரவுப் பள்ளி நடத்திய, பட்டமில்லாத ஒரு பெண் திருட்டு வழக்கில் சிக்கிய சிறுவனை விசாரிக்கும் குழுமத்தில் நடுவருக்குப் பக்கத்தில் உட்காரலாம். பள்ளியிலிருந்து ஓடிவந்த அவனுடைய தங்கையைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் உட்கார முடியாது. இன்னொரு வேடிக்கை: குழுமத்துக்கான பிரிவில் எழுதியுள்ள பட்டங்கள் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம். சமூகப் பணிப் பட்டம் அந்த வரிசையில் இல்லை. அதனால் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த புதியவருக்குக் குழுமத்தில் தன் பட்டத்தை மட்டும் காட்டி இடம் கேட்க வழியில்லை. அவரும் ஏழாண்டுதான் காட்ட வேண்டும்.

களத்தில் இந்தத் தகுதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்குக் குழந்தைத் திருமண வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. இரு மாவட்டங்களிலும் அடிக்கடி வருவதும் அதுதான். இப்படி வைத்துக்கொள்ளலாம்: வேப்பந்தட்டை வட்டத்து ஊர் ஒன்றில் பதினொன்றாவது படிக்கும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை மாலை 1098க்கு அழைப்பு வருகிறது. இந்த உதவி எண் 2023இல் தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசுக்கு மாறி, இப்போது மாவட்ட அலகின் கீழ் நடக்கிறது. அதன் வழக்குப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும். அவர் முதலில் தேடுவது பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வயதுச் சான்றுகளில் பள்ளியின் பதிவையே முதலில் வைக்கிறது; அது இல்லாவிட்டால் ஊராட்சி அல்லது நகராட்சியின் பிறப்புச் சான்று; இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. ஜாதகத்தைக் காட்டிப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று வீட்டார் வாதிடுவது வழக்கம். ஜாதகம் இந்த வரிசையில் எங்கும் இல்லை.

சனிக்கிழமை காலை சமூக நலத் துறை, போலீஸ், கிராம நிர்வாக அலுவலர் எல்லாரும் போனால் வீடு அமைதியாக இருக்கும். பந்தலும் இருக்காது. ‘கல்யாணமா? யார் சொன்னா?’ என்பார்கள். இங்கே பட்டம் ஒன்றுக்கும் உதவாது. அந்தத் தெருவில் பத்துப் பதினைந்து ஆண்டு குழு நடத்திய பெண் ஒருவர் இருந்தால், மாப்பிள்ளை எந்த ஊர், பெண்ணை எந்தச் சித்தி வீட்டில் வைத்திருக்கிறார்கள், தாலி கட்டுவது எந்தக் கோயிலில் என்பதை மதியத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார். சேதி கசிந்தால் கல்யாணத்தைப் பக்கத்து மாவட்டக் கோயிலுக்கு மாற்றுவது நடைமுறை என்பது அவருக்குத் தெரியும். குழந்தையை மீட்ட பிறகு 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, குழந்தை நலக் குழு முன் நிறுத்த வேண்டும். திருமண வயதுக்கு முன் மணம் முடிக்கப்படும் ஆபத்தில் இருப்பவரும் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையே.

குழு விசாரணைக்கு எடுத்துக்கொண்டு சமூக விசாரணை அறிக்கை கேட்கும். பதினைந்து நாளில் படிவம் 22இல் அது வர வேண்டும். வேலையின் தன்மை இங்கே மாறுகிறது. மீட்பில் உயிரைக் கொடுத்து வேலை செய்த களப்பணியாளரிடம் அறிக்கையைக் கொடுத்தால் பெரும்பாலும் இப்படி எழுதி வரும்: ‘குடும்பம் நல்ல குடும்பம். வறுமை காரணமாகப் பெற்றோர் இம்முடிவை எடுத்துள்ளனர். தாய் மிகவும் அழுதார். இனி இவ்வாறு செய்ய மாட்டோம் என உறுதி அளித்தனர். ஆகவே குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம்.’ இதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது. ஆனால் குழுவுக்கு இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அழுதது சாட்சியம் ஆகாது. நல்ல குடும்பம் என்பது எழுதியவரின் அபிப்பிராயம்.

பயிற்சி பெற்றவரின் அறிக்கை அதே வீட்டை வேறு விதமாகப் பார்க்கும். தந்தை திருப்பூரில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருகிறார். தாய் விடிகாலையில் வெங்காயம் உரிக்கப் போய்விடுகிறார். பள்ளி ஏழு கிலோமீட்டர், காலை பஸ் ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பின்தொடர்ந்ததை வீட்டில் சொன்ன அடுத்த வாரமே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். பெண்ணிடம் தனியாகப் பேசி, அவள் சொன்னது அவள் வார்த்தையிலேயே: ‘பரீட்சை எழுதிட்டு அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னேன், அப்பா கேக்கல.’ பரிந்துரையும் இவற்றிலிருந்தே பிறக்கும்: பின்தொடர்ந்தவன் மேல் புகார், பள்ளி விடுதியில் இடம், மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு விண்ணப்பம், யார் எந்தத் தேதியில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. நிதி ஆதரவுக்குக் கிராமப்புறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் வருமான விவரமும் இருக்கும். கல்யாணத்துக்குக் காரணம் வறுமை என்று முதல் அறிக்கை எழுதியது. இரண்டாவது அறிக்கையின்படி காரணம் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. பாடத்தில் வாரம் இரண்டு நாள் களப்பயிற்சியும், அதற்கு எழுதும் பதிவேட்டை ஆசிரியர் சிவப்பு மையால் கிழித்துத் திருப்பிக் கொடுப்பதும் எதற்கு என்றால், பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்து எழுதும் இந்தப் பழக்கத்துக்குத்தான்.

பட்டம் இருந்தும் சீரழியும் அறிக்கைகளும் உண்டு, அவை இன்னும் மோசம். புறத்தொடர்புப் பணியாளர் போய் எடுத்து வந்த குறிப்பை வைத்துக்கொண்டு, தகுதியுள்ளவர் வீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவது எங்கும் நடப்பதுதான். கண்டுபிடிப்பது எளிது. மூன்று அறிக்கைகளை வரிசையாக வைத்தால் அதே வாக்கியங்கள் வரும். போன தேதி ஞாயிறாக இருக்கும், வண்டிப் பதிவேட்டில் அன்று பயணமே இருக்காது. அனுபவமுள்ள உறுப்பினர் ‘வீட்டில் கழிப்பறை எங்கே இருந்தது?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். போனவர் உடனே சொல்வார். போகாதவர் படிவத்தைப் புரட்டுவார். தத்தெடுப்பில் இது வேறு விதமாகக் கடிக்கும்: இல்ல ஆய்வு அறிக்கையில் கையெழுத்திட்டவர் வரையறைக்கு வெளியே இருந்தால் கேள்வி வரும், மறு ஆய்வு கேட்பார்கள், காத்திருக்கும் பெற்றோருக்கு மாதங்கள் ஓடிவிடும். ஊரறிந்தவர் கூடப் போக, தகுதியுள்ளவர் நேரில் பார்த்து எழுத, அறிக்கையில் இருவர் பெயரும் இருப்பதே சரியான முறை. அப்படி எழுதும் மாவட்ட அலுவலர்கள் சிலர் இருக்கிறார்கள்.

ஏழாண்டு அனுபவம் கேட்கும் இடங்களில் அடுத்த சிக்கல், அது எந்த ஏழாண்டு என்பது. சட்டம் குழந்தைகள் சார்ந்த வேலையைக் கேட்கிறது. சுயஉதவிக் குழு அமைத்து, வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்து, பதினைந்து ஆண்டு ஓடியவர் குழந்தை நலக் குழுவுக்கு விண்ணப்பித்தால் அந்தப் பதினைந்தும் கணக்கில் சேராமல் போகலாம். அதே காலத்தில் அவர் மாலை நேரப் பள்ளியும் பார்த்திருப்பார். அனுபவச் சான்றில் ‘கள ஒருங்கிணைப்பாளராகச் சிறப்பாகப் பணியாற்றினார்’ என்று மட்டும் இருக்கும். சான்று கொடுக்கும்போதே எந்த ஊர்களில், எந்த வயதுக் குழந்தைகளோடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்குவது பத்து நிமிட வேலை. பத்தாண்டு கழித்து அந்த அமைப்பே இருக்காது. வெளிநாட்டு நிதி நின்று அலுவலகம் மூடப்பட்டு, செயலாளர் காலமாகி, பதிவேடுகள் கரையானுக்குப் போன அமைப்புகள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ. அப்போது உதவுவது நியமன ஆணை, மதிப்பூதிய வவுச்சரின் நகல், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, பயிற்சிச் சான்றிதழ், தேதியிட்ட கூட்டப் பதிவு. தேர்வில் சான்றுகளை வைத்துப் பார்க்கும்போது ஒரே காலத்துக்கு இரண்டு அமைப்புகள் முழுநேரச் சான்று கொடுத்திருப்பதும், நேற்று அச்சடித்த லெட்டர்பேடில் 1998ஆம் ஆண்டுச் சான்று இருப்பதும் கண்ணில் பட்டுவிடும். உண்மையாக உழைத்தவரும் அந்தச் சந்தேகத்தில் அடிபடுகிறார்.

நடுவயதில் பட்டம் வாங்கப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ இல்லாமலே ஒரு முன்தகுதிப் படிப்பின் மூலம் நேரே பட்டத்தில் சேர ஒரு காலத்தில் வழி இருந்தது. ஆர்வத்தோடு சேர்ந்து, பி.ஏ.வும் எம்.ஏ.வும் முடித்தவர்கள் உண்டு. 2009இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை, பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிறகு பெற்ற திறந்தநிலைப் பட்டங்களையே அரசு வேலைக்கு ஏற்கிறது. நேர்காணலில் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இதைக் கேட்டு நொந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். பத்தாவதோடு நிற்கிறவர் முதலில் தனித்தேர்வராகப் பன்னிரண்டாவதை எழுதி முடித்துவிட்டுத்தான் பட்டத்துக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் படித்த ஆண்டுகள் வீண்.

எந்தப் பட்டம் என்பது போக விரும்பும் இடத்தைப் பொறுத்தது. விசாரணை அறிக்கை எழுதும் தகுதிக்கு, ஏழாண்டு அனுபவம் இருப்பவருக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். குழந்தை நலக் குழுவுக்குப் பட்டியலில் உள்ள பட்டம் வேண்டும்; சமூகவியல் பி.ஏ. அதற்குப் போதும், வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். எம்.எஸ்.டபிள்யூ.வுக்குத் திருச்சிக் கல்லூரிகளுக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டு வேலையை விட வேண்டியிருக்கும், இக்னோவின் எம்.எஸ்.டபிள்யூ. களப்பயிற்சியோடு தொலைநிலையில் கிடைக்கிறது. அங்கே சேருகிற களப்பணியாளர்கள் பலர் களப்பயிற்சிப் பதிவேட்டைச் சடங்காக எழுதித் தள்ளுகிறார்கள், ஏற்கெனவே தெரிந்த வேலைதானே என்று. அவர்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியது அந்தப் பதிவேடு மட்டும்தான்.

இவை எல்லாம் அனுபவத்துக்கு ஓரளவு இடம் கொடுக்கும் சட்டங்கள். கொஞ்சமும் கொடுக்காத இரண்டு துறைகள் உண்டு; அங்கேதான் ஆளின் பெயரே பதிவேட்டில் ஏறுகிறது. ஒன்று மறுவாழ்வு. 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் தொழிலர்களுக்கு மத்தியப் பதிவேடு வைத்திருக்கிறது. சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் மட்டுமல்லாமல் மறுவாழ்வு சமூகப் பணியாளரும் அதில் ஒரு வகை. அங்கீகரித்த படிப்பும் பதிவு எண்ணும் இல்லாமல் அந்தத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூளை முடக்குவாதக் குழந்தையின் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குத் துணையாக இருக்கவும், உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் ஊர்ப் பணியாளருக்குத் தடையில்லை. குழந்தைக்கு என்ன சிகிச்சை என்று மதிப்பீடு எழுதத் தொடங்கினால் எல்லை தாண்டியாயிற்று.

மற்றொன்று மனநலம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல சமூகப் பணியாளர் என்பவர் சமூகப் பணியில் முதுகலையும், அதன் மேல் மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபிலும் முடித்தவர். மாநில மனநல ஆணையம் அவரைப் பதிவு செய்ய வேண்டும். இவ்வளவு படித்தவர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற சில இடங்களிலிருந்தே வருவதால், மாவட்ட மனநலத் திட்டத்துக்கான தமிழ்நாட்டு அறிவிப்புகள் மருத்துவ அல்லது மனநலப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ.வும் ஓராண்டு அனுபவமும் இருந்தால் எடுத்துக்கொள்கின்றன. அதனால் பணியிடத்தின் பெயர் ஒன்று, சட்டத்தின் வரையறை இன்னொன்று. அப்பணியிடத்தில் இருப்பவர் கிராமத்தில் நோயாளியைத் தொடர்ந்து பார்க்கலாம், குடும்பத்தோடு பேசலாம். சட்டம் ‘மனநலத் தொழிலர்’ கையெழுத்து கேட்கும் தாளில் அவர் கையெழுத்துச் செல்லுமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போட வேண்டும். எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளில் நிறுத்திவிட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டித்தது. சட்டமோ இன்னும் எம்.ஃபில். என்றே எழுதி வைத்திருக்கிறது.

இதற்கிடையே 2021இல் வந்த துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவமனை சமூகப் பணியாளர், மனநல சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. ஆற்றுப்படுத்துநர் ஆகியோரைத் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அது படிப்பை மணிக்கணக்கில் அளக்கிறது: ஒரு வகைக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், அதற்கு மேற்பட்ட வகைக்கு 3,600. மாநில மன்றங்களின் பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வரும்போது மருத்துவமனைக்குள் வேலை பார்க்கும் பிற சமூகப் பணியாளருக்கும் முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு பதிவு எண் இருக்கும். ஊரில் வேலை பார்ப்பவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர் இப்போது இருக்கும் இடத்திலேயே, அந்தந்தச் சட்டம் கேட்கும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டியவர்தான்.